மூட்டிய இடம் சுருங்காமல், நூல் நுனி நீட்டாமல்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு குரோஷே போர்வையை விரித்தார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவுக்கு, உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்ற கின்னஸ் சாதனையை அது பெற்றுத் தந்தது. அந்த அளவுக்கு ஒரு போர்வையை ஒரே துண்டாக யாராலும் போட முடியாது. பலர் தனித்தனியாகப் போட்ட துண்டுகளை ஒன்றோடொன்று மூட்டினால்தான் அது போர்வை. மூட்டும்வரை அது துண்டுகளின் குவியல்.

வீட்டில் சோபா மூலையில் உட்கார்ந்து போடுகிறவருக்கும் இதே கதைதான். நிறைய பேர் வீட்டு அலமாரியில் முப்பது நாற்பது குரோஷே சதுரங்கள் ஒரு பைக்குள் கிடக்கும். சதுரம் போடுவது சுகமான வேலை. அதற்குப் பிறகு வருகிற இரண்டு வேலைகள்தான் ஆளை உட்கார வைக்கும்: சதுரங்களை மூட்டுவது, தொங்கும் நூல் நுனிகளை உள்ளே ஒளிப்பது. இந்த இரண்டிலும் நேரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர். குரோஷே துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மூட்டிய இடம் அதோடு சேர்ந்து நீளவில்லை என்றால் போர்வை சுருங்கிப்போகும். ஒளித்த நுனி அந்த இழுப்பைத் தாங்கவில்லை என்றால் நாலாவது சலவையில் வெளியே எட்டிப் பார்க்கும்.

உதாரணத்துக்கு ஒரு குழந்தைப் போர்வையை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, ஆக 36 சதுரங்கள். எல்லாமே கிரானி சதுரம். மூன்று மூன்று ஸ்டிட்ச் கொண்ட கொத்துகளை நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் போட்டுக்கொண்டு போகும் பழைய வடிவம் இது. 1885-லேயே அமெரிக்காவின் ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற விவசாய இதழில் இதன் குறிப்பு அச்சாகியிருக்கிறது. மிச்சம் மீதி நூலையெல்லாம் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதால் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் சதுரத்துக்கு 8 பிளை அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி, நான்கு சுற்று. கொத்துகளுக்கு நடுவே செயின் கிடையாது. நான்கு மூலைகளில் மட்டும் இரண்டிரண்டு செயின். நான்காவது சுற்று முடிந்ததும் ஒரு பக்கத்தில் நான்கு கொத்து, அதாவது 12 டபுள் குரோஷே இருக்கும். இரு முனைகளிலும் மூலைச் செயினிலிருந்து ஒவ்வொன்றைச் சேர்த்தால் பக்கத்துக்கு 14. இந்த 14-ஐ எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தின் நீளம் சுமார் 10 செ.மீ. வரும்.

மூட்டும் முன் எல்லாச் சதுரங்களும் ஒரே அளவா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். மாலையில் டி.வி. பார்த்தபடி போட்டது கொஞ்சம் தளர்ந்திருக்கும். அவசரத்தில் போட்டது இறுகியிருக்கும். அரை செ.மீ. வித்தியாசத்தை, சதுரத்தை ஒரு தடித்த துணியில் குண்டூசியால் நான்கு மூலையிலும் இழுத்துக் குத்தி, அயர்ன் பாக்ஸின் ஆவியை மேலிருந்து காட்டிச் சரி செய்துவிடலாம். பெட்டியின் அடிப்பாகம் நூலில் படக்கூடாது. கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். சூடு நேரடியாகப் பட்டால் அது தொய்ந்து பளபளத்துப் போகும், பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஆவியை நம்ப வேண்டாம். பிரித்துவிட்டு மறுபடி போடுவதே மேல்.

எந்த முறையில் மூட்டினாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது வரிசைமுறை. இரண்டு இரண்டு சதுரமாக மூட்டி நூலை வெட்டிக்கொண்டே போனால், 36 சதுரப் போர்வையில் 60 மூட்டுகள்; மூட்டுக்கு இரண்டு நுனி என்று 120 நுனிகள் தொங்கும். அதையே குறுக்கே ஐந்து நீளக் கோடுகள், பிறகு நெடுக்கே ஐந்து கோடுகள் என்று நூலை வெட்டாமல் மூட்டிக்கொண்டு போனால் மொத்தம் பத்துக் கோடு, இருபதே நுனி. மூட்டும் முறையை மாற்றாமல், போகும் வழியை மட்டும் மாற்றி நூறு நுனிகளை மிச்சப்படுத்தியாயிற்று.

ஸ்லிப் ஸ்டிட்ச் முறைக்குக் குரோஷே ஊசியே போதும். முதல் வரிசையின் முதல் சதுரத்தையும் இரண்டாம் வரிசையின் முதல் சதுரத்தையும் நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடிக்க வேண்டும். நூல் பின்னால் இருக்கும். மூலைச் செயினில் தொடங்கி, முன் சதுரத்தின் கண்ணியிலும் பின் சதுரத்தின் கண்ணியிலும் ஊசியை விட்டு, நூலைப் பிடித்து இழுத்து, ஊசியில் ஏற்கெனவே இருக்கும் கண்ணி வழியாகவும் அப்படியே வெளியே எடுத்தால் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச். இப்படி 14. நூலை வெட்டாமல் ஒரு செயின் போட்டு, அடுத்த ஜோடிச் சதுரங்களை எடுத்து அதே போலத் தொடர வேண்டும். ஆறு ஜோடியும் முடிந்தால் ஒரு கோடு முடிந்தது. நெடுக்கே வரும்போது, ஏற்கெனவே மூட்டிய குறுக்குக் கோட்டைத் தாண்டும் இடத்தில் அதன் மேலாக ஒரு செயின் போட்டுத் தாண்ட வேண்டும். அந்தச் செயினை விட்டுவிட்டால் நான்கு மூலைகளும் கூடும் இடம் கொக்கி போட்டு இழுத்ததுபோல் குழிந்துவிடும். இரண்டு மூன்று செயின் போட்டால் அங்கே ஓட்டை விழும்.

ஸ்டிட்சின் தலையில் ஆங்கில ‘வி’ போல இரண்டு இழைகள் இருக்கும். சதுரத்தின் நல்ல பக்கத்தைப் பார்க்கும்போது நமக்கு அருகில் இருப்பது முன் கண்ணி, அப்பால் இருப்பது பின் கண்ணி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து மூட்டினால் கெட்டியாக இருக்கும், ஆனால் பின்பக்கம் கயிறு போல ஒரு மேடு எழும். பின் கண்ணியை மட்டும் பிடித்தால் மேடு பாதியாகும். விரித்துப் போட்டால் முன் கண்ணிகள் கோட்டின் இருபுறமும் வரம்பு கட்டியதுபோல அழகாகத் தெரியும். நல்ல பக்கங்களை உள்ளே வைத்துப் பிடித்திருக்கும்போது அந்தப் பின் கண்ணிகள் இரண்டும் வெளியோரத்தில் இருக்கும்: ஒன்று கைக்கு மிக அருகில், இன்னொன்று மிகத் தொலைவில். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புவார்கள். குழந்தை படுத்துப் புரளும் போர்வைக்கு முதுகில் உறுத்தாத இந்தப் பின் கண்ணி முறையே ஏற்றது.

ஸ்லிப் ஸ்டிட்சின் பெரிய குறை இறுக்கம். குரோஷே ஸ்டிட்சுகளிலேயே குட்டையானது இதுதான், நீண்டு கொடுக்காது. சதுரம் போட்ட அதே 4 மி.மீ. ஊசியால் மூட்டினால் பலருக்கும் 14 ஸ்டிட்சும் சேர்ந்து 9 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஒரு மூட்டில் ஒரு செ.மீ. என்பது பெரிதாகத் தெரியாது. ஆறு சதுரம் தாண்டும்போது 60 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 54 ஆகி, நடுவில் சதுரங்கள் அப்பளம் போல உப்பி நிற்கும். பிறகு எவ்வளவு ஆவி காட்டினாலும் அது படியாது. ஆகவே மூட்டுவதற்கு மட்டும் 5 மி.மீ. ஊசிக்கு மாறுவது வழக்கம். முதல் ஜோடியை மூட்டியதும் அளவு நாடாவை வைத்துப் பார்த்து, மூட்டும் சதுரத்தின் பக்கமும் ஒரே நீளமா என்று உறுதி செய்துகொண்டால் மிச்சம் 59-க்கும் கவலை இல்லை.

இன்னொரு கோளாறு, ஒரு சதுரத்தில் 14 வந்து எதிர்ச் சதுரத்தில் 13 மட்டுமே வருவது. கொஞ்சம் இழுத்துச் சமாளித்துவிடலாம் என்று கை துடிக்கும். கூடாது. அந்த ஒன்று பெரும்பாலும் காணாமல் போவதில்லை. மூலைச் செயினை எண்ணாமல் விட்டிருப்போம். இரு மூலைகளிலும் நடுவிலும் ஊக்குப் பின் குத்திக்கொண்டு தொடங்கினால், தவறு கோட்டின் கடைசிக்குப் போகாமல் பாதிச் சதுரத்திலேயே பிடிபட்டுவிடும்.

விப் ஸ்டிட்ச் என்பது ஊசி நூலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைப்பது. இதற்கு முனை மழுங்கிய, காது பெரிதான கம்பளி ஊசி வேண்டும். சதுரங்களை நல்ல பக்கம் மேலே தெரிய மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, இரண்டின் வெளியோரப் பின் கண்ணிகளை மட்டும் எடுத்துத் தைத்தால் மூட்டு தட்டையாகவே இருக்கும், மேடே எழாது. விதி ஒன்றுதான்: ஊசி எப்போதும் ஒரே திசையிலிருந்து நுழைய வேண்டும். வலச் சதுரத்திலிருந்து இடச் சதுரத்துக்கு என்று தொடங்கினால் கடைசிவரை அப்படியே. நடுவில் ஒருமுறை திசை மாறினாலும், சாய்ந்து சாய்ந்து வரும் தையல்களில் அது மட்டும் பல் விழுந்ததுபோல் தெரியும். நான்கு மூலைகள் கூடும் இடத்தில் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காகப் பிடித்து ஒரு தையல் போட்டுவிட்டால் ஓட்டை விழாது.

இதில் நூலின் நீளத்தை முன்பே வெட்டிக்கொள்ள வேண்டும். மூட்ட வேண்டிய நீளத்தைப்போல் மூன்று மடங்கு, அதோடு இரு முனைக்கும் 15 செ.மீ. வீதம். நம் 60 செ.மீ. கோட்டுக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் நீளமான நூலைக் கோத்தால், கண்ணிகளில் உரசி உரசி முறுக்கு பிரிந்து பஞ்சு தட்டிவிடும். பாதியில் சிக்கும் விழும். ஊசியில் கோக்க நூல் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்க வேண்டியதில்லை. நூலை ஊசியின்மேல் மடித்து இறுக்கி, அந்த மடிப்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி ஊசியை உருவிவிட்டு, மடிப்பையே காதுக்குள் தள்ளினால் தடித்த நூலும் நுழைந்துவிடும்.

எது சிறந்தது என்ற சண்டை குரோஷே போடுகிறவர்கள் நடுவே ஓய்ந்ததில்லை. புதிதாக மூட்டுகிறவருக்கு ஸ்லிப் ஸ்டிட்சே நல்லது. காரணம், தவறினால் ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும், கடகடவென்று பிரிந்து வரும். விப் ஸ்டிட்சைப் பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தையலாக ஊசியால் நெம்ப வேண்டும். நேராகப் பந்திலிருந்தே நூல் வருவதால் நீளக் கணக்கும் கிடையாது. ஆனால் இரு பக்கமும் வெளியே தெரியும் சால்வைக்கும், உடம்போடு வளைந்து விழ வேண்டிய மேல்சட்டைக்கும் விப் ஸ்டிட்சுக்கு நிகர் இல்லை. நூல் குறைவாக இருந்தாலும் அதுதான் கைகொடுக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வேறு நிறத்தில் மூட்டினால் விப் ஸ்டிட்சின் சாய்வுக் கோடுகள் பளிச்சென்று தெரியும். சதுரத்தின் கடைசிச் சுற்று எந்த நிறமோ அதே நிறத்தில் தைப்பவருக்குத்தான் மூட்டு மறையும்.

இனி நுனிகள். சுற்றுக்கு ஒரு நிறம் என்று நான்கு நிறத்தில் போட்டிருந்தால் ஒரு சதுரத்தில் எட்டு நுனிகள்; 36 சதுரத்தில் 288. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேர வேலை. அதனால்தான் குறுக்கு வழிகள் பிறக்கின்றன. இரண்டு நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுவது அதில் முதலாவது. முடிச்சு சிறிது காலம் நிற்கும். துணி நீண்டு சுருங்கும்போது அது மெல்ல நகர்ந்து நல்ல பக்கத்துக்கு வந்து பயறு போல உட்காரும். ஒட்ட வெட்டியதால் ஒருநாள் அவிழ்ந்தும் போகும். அவிழ்ந்தபின் மறுபடி கட்ட அங்கே நூலே இருக்காது. நைலான் கயிற்றுக்குச் செய்வதுபோல ஊதுபத்தியால் நுனியைப் பொசுக்குகிறவர்களும் உண்டு. அக்ரிலிக் உருகி ஆறினால் கெட்டியான மணியாகும். குழந்தையின் தோலில் அது கீறும்.

நுனி ஏன் வெளியே வருகிறது? ஆட்டுக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. பக்கத்து இழையைக் கவ்விக்கொள்ளும், துவைக்கத் துவைக்க இன்னும் இறுகும். அக்ரிலிக்கிலும், பளபளப்பேற்றிய பருத்தி நூலிலும் அந்தப் பிடிப்பு இல்லை, வழுக்கும். அப்படிப்பட்ட நூலை ஒரே நேர்கோட்டில் உள்ளே விட்டால், போர்வையை அந்தத் திசையில் இழுக்கும்போதெல்லாம் நுனி ஒரு மயிரிழை பின்வாங்கும். விடும்போது அதே இடத்துக்குத் திரும்பாது. நூறு முறை இழுபட்டால் பிசிறு வெளியே நிற்கும். ஆகவே செய்ய வேண்டியது, நுனியைத் திசை மாற்றி மாற்றி ஓடவிடுவது. ஒரு திசையில் துணி இழுபடும்போது மற்றத் திசையில் ஓடும் நூல் அதைப் பிடித்து நிறுத்தும்.

நம் சதுரத்தின் மூன்றாம் சுற்றின் நுனி ஒன்றைப் பார்ப்போம். வெட்டும்போதே 15 செ.மீ. விட்டிருக்க வேண்டும். சதுரத்தைக் கெட்ட பக்கம் திருப்பி, அதே நிறக் கொத்துகளின் தலைக்குக் கீழே, இரண்டு கொத்து தாண்டும்வரை சுமார் 5 செ.மீ. ஊசியை ஓட்ட வேண்டும். நல்ல பக்கத்தில் தெரியாதபடி பின்புற இழைகளை மட்டும் எடுத்தால் போதும். முடிவில் ஓர் இழையைத் தாண்டிவிட்டு, வந்த வழியே 4 செ.மீ. திரும்ப வேண்டும். தாண்டிய அந்த இழைதான் கொக்கி. அதைத் தாண்டாமல் திரும்பினால் போட்டதெல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடும். திரும்பும்போது ஊசி முனையால் நூலின் புரிகளைப் பிளந்து நடுவில் நுழைத்தால் பிடிப்பு இன்னும் கூடும். மூன்றாவதாக ஒரு டபுள் குரோஷேயின் தண்டு வழியாக, குறுக்காக 2 செ.மீ. இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. மீதி நூல் ஊசியைக் கையாள்வதற்குத் தேவை. 5 செ.மீ. நுனி விட்டவர் மூன்றாவது திருப்பத்துக்கு ஊசியையே கோக்க முடியாமல் தவிப்பார்.

நடு வளையத்தின் நுனிக்குத் தனி மரியாதை தர வேண்டும். நூலை இழுத்து இறுக்கும் மேஜிக் ரிங் முறையில் தொடங்கியிருந்தால், அந்த ஒரு நுனி நழுவினால் சதுரத்தின் நடுவே வாய் பிளந்துவிடும். அதை வளையத்தின் அடியில் ஒரு முழுச் சுற்று ஓட்டி, ஓர் இழை தாண்டி, எதிர்த்திசையில் அரைச் சுற்றுத் திரும்ப வேண்டும். கிரானி சதுரத்தில் இடைவெளிகள் உண்டு என்பதால் எந்த நுனியையும் ஓட்டையின் குறுக்கே கொண்டுபோகக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் நூல் தந்தி போல் தெரியும். மூட்டிய கோடுகளின் இருபது நுனிகள் இதைவிடச் சுலபம். ஸ்லிப் ஸ்டிட்ச் எழுப்பிய மேட்டுக்குள்ளேயே போய்த் திரும்பி மறைந்துகொள்ளும்.

நுனியை அடுத்த சுற்றின் ஸ்டிட்சுகளுக்கு அடியில் வைத்து அதன்மேலேயே போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், நேரம் மிச்சம்தான். ஆனால் அது ஒரே திசையில் ஓடும் ஓட்டம். பாதி நுனியை அப்படி மூடிவிட்டு, மீதியை ஊசியால் எதிர்த்திசையில் திருப்புவதே பாதுகாப்பு.

வெட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நூலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினால் அந்த இடம் சுருங்கும். முதலில் சதுரத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைவாக்கில் என்று சிலமுறை இழுத்துவிட வேண்டும். நுனி தனக்கு வேண்டிய நூலை உள்ளே எடுத்துக்கொள்ளும். பிறகு நூலை இழுக்காமல் 3 மி.மீ. விட்டு வெட்டி, மறுபடி ஒருமுறை இழுத்தால் அந்த 3 மி.மீ.யும் உள்ளே போய்விடும். போகாமல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நுனிக்குத் திருப்பம் போதவில்லை என்று பொருள். முதல் சதுரத்தை இப்படி முடித்து, வலைப் பையில் போட்டு ஒருமுறை துவைத்துப் பார்த்துவிட்டால் மிச்சம் 35-ஐயும் நம்பித் தொடரலாம்.

கைக்குழந்தையின் காலுறை, கையுறை, போர்வையின் பின்பக்கம் ஆகியவற்றில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. தொங்கும் நூல் பச்சிளங்குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும் ஆபத்து மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தது. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

288 நுனிகளையும் கடைசிக்கு வைத்துவிட்டு உட்காராதீர்கள். சதுரம் முடிந்த அன்றே அதன் எட்டு நுனிகளையும் ஒளித்துவிடுங்கள். எட்டே நிமிட வேலை.